மச்சம் காணாமல் போன பாஸ்போர்ட் போட்டோ

ரத்தினபாய் சிரித்தால் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றுவிடும் என்று அவள் கணவர் சவுரிமுத்து சொல்வார். கட்டின பெண்டாட்டியைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், "என்னை ஏன் கேக்கற, நாயைக் கேளு" என்பார். கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை விட்டு இந்தப் பக்கம் இறங்கி நடந்தால் ஒரு குறுக்குத் தெருவில் அவர்கள் வீடு. சவுரிமுத்து ரயில்வேயில் பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தினபாய் மஸ்கட்டில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள்.

எண்பத்து நாலில் போனாள். சொந்தமாக ஒரு வீடு, மகள் தபீதாளுக்கு நல்ல படிப்பு, இந்த இரண்டுக்காகவும்தான் போனாள். தபீதாளுக்கு அப்போது பதினாலு வயது. மகள் பெரியவளான செய்தியை ரத்தினபாய் கடிதத்தில்தான் படித்தாள். அவள் பத்தாவது பாஸானதையும் கடிதத்தில்தான் படித்தாள். நர்சிங் பள்ளியில் மகளுக்குத் தொப்பி வைத்த விழாவைப் போட்டோவில் பார்த்தாள். லீவு கிடைத்து ஊருக்கு வந்தால், பெட்டியில் இருப்பதை எடுத்துக் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகும் தேதி வந்து நிற்கும். மஸ்கட் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண் விழித்தவள், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போனதையே அது போன பிறகுதான் தெரிந்துகொண்டாள். ஊரையே கலகலக்க வைக்கிற ரத்தினபாய்க்கு இந்த ஒரு பேச்சில் மட்டும் சிரிப்பு வராது.

சரி, போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தாள். அடுத்த வருஷமே தபீதாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்கிறீர்கள்? மஸ்கட்டில். கொடுமையே! அம்மா இறங்கிய ஊரிலிருந்து மகள் ஏறிப் போனாள், மஸ்கட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் சேர்ந்துவிட்டாள்.

தொண்ணூற்று நாலு, மார்ச் மாதம் இருக்கும். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி டீச்சர் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டு, மஸ்கட்டிலிருந்து போன் என்றாள். ரத்தினபாய் மாவுக் கையோடு ஓடினாள்.

"அம்மா, பிரசவத்துக்கு ஆகஸ்ட்ல டேட் குடுத்திருக்காங்க. நீ வரணும்."

"மாமியாரு வர்றேன்னாங்களே."

"அவங்க வரட்டும், வராம போட்டும். எனக்கு நீ வேணும். இந்த ஒரு தடவை நீ என் பக்கத்துல இரு."

வர்றேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். வீட்டுக்கு வந்து அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். பத்து வருஷம் முடிந்து காலாவதியாகியிருந்தது. மாப்பிள்ளை மறுநாள் தெளிவாகச் சொன்னார்: புதுப் பாஸ்போர்ட்டின் நகல் கைக்கு வந்தால்தான் அவர் அங்கே விசாவுக்கு எழுதிப் போட முடியும், விசாவுக்கும் நாளாகும், பாஸ்போர்ட் தாமதமானால் எல்லாமே தாமதம். குழந்தை இவர்களுக்காகக் காத்திருக்குமா?

"பேஜாராவாத," என்றார் சவுரிமுத்து. "நான் கீறேன் இல்ல."

முப்பது வருஷம் ரயில் பெட்டி சோதித்தவர் அவர். வண்டி கிளம்புமுன் பிரேக், கொக்கி, சக்கரம் என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சரி என்றால் சாக்பீஸில் ஒரு கோடு போடுவது பழக்கம். பாஸ்போர்ட் விஷயத்திலும் அதையே செய்தார். நுங்கம்பாக்கம் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, அங்கே பலகையில் ஒட்டியிருந்ததை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்து, சமையலறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டார். பழைய பாஸ்போர்ட், அசல். அதன் முதல் நாலு பக்கம், கடைசி நாலு பக்கம், ஜெராக்ஸ். வீட்டு விலாசத்துக்கு ரேஷன் கார்டு, அசலும் ஜெராக்ஸும். போட்டோ. புதுசு.

"கதவைப் பாழ் பண்ணிட்டீங்களே."

"உன் பொண்ணுக்குப் பிரசவம். கதவா முக்கியம்?"

ரேஷன் கார்டில் வம்பே இல்லை. குடும்பத் தலைவர் சவுரிமுத்து, அடுத்த வரியில் ரத்தினபாய், தாம்பரம் விலாசம், பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே விலாசம். எண்ணெய்க் கறை ஒன்று இருந்ததைப் பவுடர் போட்டு ஒற்றி எடுத்தார்கள். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சவுரிமுத்து ஒவ்வொரு நகலையும் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து கலங்கியிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எடுக்க வைத்தார். விசா முத்திரை விழுந்த பக்கங்களையும் சேர்த்து எடுக்கச் சொன்னது ரத்தினபாய்தான். மூன்று வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குக் குடிபெயர்வுச் சோதனை, அதாவது எமிக்ரேஷன் செக், வேண்டாம் என்று புதுப் பாஸ்போர்ட்டில் போட்டுக் கொடுப்பார்கள் என்பது மஸ்கட்டில் இருந்தபோதே அவளுக்குத் தெரியும். கதவில் கோடு மேல் கோடு விழுந்தது. போட்டோ மட்டும்தான் பாக்கி.

போட்டோ என்றால் வில்பிரட். மார்க்கெட் ரோட்டில் மாடியில் ஸ்டுடியோ. தாம்பரத்தில் பாதிக் கல்யாணத்தைத் தன் பென்சில்தான் நடத்தி வைத்தது என்று அவர் சொல்லிக்கொள்வார், அதில் பொய்யும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ என்றால், நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, அடியில் விளக்கு போட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்கடியில் கறுப்பு எல்லாவற்றையும் ஒரு புள்ளி ஒரு புள்ளியாக நிரப்பி மறைத்துவிடுவார். அச்சுப் போட்டால் முகம் பளிங்காக வரும். தன் ஸ்டுடியோவிலிருந்து ஒரு முகமும் குறையோடு படியிறங்கக் கூடாது என்பது அவர் வைராக்கியம்.

ரத்தினபாய் போய் உட்கார்ந்தாள், எழுந்தாள். சொன்ன தேதியில் போட்டோவும் வந்தது. பார்த்தவுடன் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"யாரும்மா இது?" என்றார் சவுரிமுத்து. "அட்ரஸ் குடு, போய்ப் பொண்ணு கேக்கறேன்."

"வாயை மூடுங்க," என்று சொன்னாளே தவிர, அன்றைக்கு முழுவதும் கவரைத் திறந்து திறந்து பார்த்தாள். கதவில் கடைசிக் கோடும் விழுந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து நுங்கம்பாக்கத்தில் இறங்கினார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வெயில் ஏறி உச்சிக்கு வரும் நேரத்தில் ரத்தினபாயின் முறை வந்தது. கவுன்டரில் ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர், தன்மையாகப் பேசினார், கை மட்டும் வேகம். பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். நகல்களை அசலோடு வைத்துப் பார்த்தார். ரேஷன் கார்டின் விலாசத்தை விண்ணப்பத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி, சரி என்று தலை ஆட்டிக்கொண்டே வந்தவர், போட்டோவில் நின்றார். போட்டோவைப் பார்த்தார், ரத்தினபாயைப் பார்த்தார், பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் முகத்தை இப்படித் திருப்புங்க."

ரத்தினபாய் திருப்பினாள்.

"உங்க பாஸ்போர்ட்டுல அடையாளம்னு இடது கன்னத்துல கறுப்பு மச்சம்னு எழுதியிருக்கு. உங்க முகத்துல இருக்கு. பழைய போட்டோவில இருக்கு. புது போட்டோவில எங்கம்மா?"

ரத்தினபாய் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். மிளகு அளவு மச்சம், பிறந்ததிலிருந்து கூட இருந்தது, சுத்தமாகக் காணோம். அத்தனை தடவை அதைத் திறந்து திறந்து பார்த்தாளே, கண் எங்கே போயிருந்தது? அழகாக இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் மனுஷிக்கு வேறு ஒன்றும் தெரியாது போல.

"போட்டோக்காரர் அழகு பண்ணிட்டாரும்மா," என்றாள்.

"அழகாத்தாம்மா இருக்கு. ஆனா ஏர்போர்ட்டுல போய் நிக்கப்போறது நீங்க. டச்சிங் பண்ணாத போட்டோவா கொண்டாங்க. மத்ததெல்லாம் கரெக்டா இருக்கு, அப்படியே எடுத்துட்டு வாங்க, வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான். வெளியே மரத்தடிக்கு வந்தார்கள். ரத்தினபாய் விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு போட்டோ, இன்னொரு வரிசை, அதற்குள் வில்பிரட் ஏதாவது கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டால்? ஏப்ரல், மே என்று மாதங்கள் தலைக்குள் ஓடின. பக்கத்தில் ஒருவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"இதுக்குப் போய் இன்னாத்துக்கு யோசிக்கிற பெருசு? பேனாவால ஒரு புள்ளி வையி. மேட்டர் முடிஞ்சுது."

"வேணாங்க," என்றாள் ரத்தினபாய். "நாளைக்கு ஏர்போர்ட்டுல தண்ணி பட்டு அழிஞ்சுதுன்னா என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஒண்ணுல வச்சு எப்படி வருதுன்னு பாப்போம், குடு," என்று சவுரிமுத்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு போட்டோவை முழங்கால் மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ரொம்பக் கவனமாக ஒரு புள்ளி வைத்தார். நிமிர்ந்து, அழகு பார்த்து, அவளிடம் நீட்டினார்.

ரத்தினபாய் பார்த்தாள். மச்சம் வலது கன்னத்தில் உட்கார்ந்திருந்தது.

"இது எந்தக் கன்னம்?"

"இடது. இந்தா, இடது பக்கம்தானே கீது."

"அது உங்களுக்கு இடதுங்க. போட்டோவில இருக்கறவளுக்கு வலது. கட்டி இவ்வளவு வருஷமாச்சு, மச்சம் எந்தப் பக்கம்னு தெரியலையா உங்களுக்கு?"

சவுரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். "ரயில்வேல இருந்தவன். முன்னாடி பின்னாடிதான் பாப்பேன்," என்றார்.

ரத்தினபாய்க்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், விண்ணப்பம் எழுதிய ஆள் பேனாவை நிறுத்தினான், வாசல் காவலாளிகூட எட்டிப் பார்த்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் நிற்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குங்க. இந்தத் தடவையும் போக முடியாம போயிடுமோன்னு பயமா இருக்கு," என்றாள்.

சவுரிமுத்து பேனாவை மூடிப் பையில் வைத்தார். அவர் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. "வா, அடுத்த வண்டியைப் பிடிப்போம்," என்று அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

வில்பிரட் ஸ்டுடியோவில்தான் இருந்தார், அதுவே ஒரு நல்ல காலம். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஆபீஸ்ல திருப்பிட்டாங்களா? என் வேலையையா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மச்சம் இருந்த தடம்கூடத் தெரியலைன்னாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலைப்பா. சுத்தமா தெரியலை."

அதில் அவருக்கு ஒரு திருப்தி. அலமாரியிலிருந்து நெகட்டிவை எடுத்தார். பென்சில்தானே, மருந்து நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் பழையபடி ஆகிவிடும், புதிதாக உட்காரக்கூட வேண்டாம் என்றார். ரத்தினபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா அக்கா, மச்சத்தை மட்டும் விட்டுத் தர்றேன். கண்ணுக்குக் கீழ இருக்கிற கறுப்பு, கழுத்து மடிப்பு, இதுல போட்ட பென்சில் அப்படியே இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எல்லாத்தையும் எடுத்துடு."

"அக்கா, என் ஸ்டுடியோ முத்திரை பின்னாடி இருக்கே."

"வில்பிரட், இங்க பாரு." ரத்தினபாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கண்ணுக்குக் கீழ இருக்கறது அந்த ஊர்ல கண்ணு முழிச்சு வந்தது. யார் வீட்டுப் பிள்ளைங்களுக்கோ முழிச்சேன். என் பொண்ணுக்கு ஒரு ராத்திரி முழிக்கல. அவ பெரியவளானப்ப இல்ல, பரீட்சை எழுதினப்ப இல்ல, வேலைக்குப் போனப்ப இல்ல. இப்ப வாயைத் திறந்து வான்னு கூப்பிடுது. அந்த ஊர் வாசல்ல நிக்கறப்ப, இது நீ இல்லன்னு எவனாவது சொல்லிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?"

வில்பிரட் பஞ்சை எடுத்தார்.

இருட்டறைக்குள் அவர் போனதும், ரத்தினபாய் கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றுகொண்டாள். பழக்கப்பட்ட கை, நம்ப முடியாது.

"வில்பிரட், கையில பென்சில் இருக்கா?"

"இல்லக்கா."

"நிஜமா?"

"காதுல இருக்குக்கா. தொடமாட்டேன்."

"கதவுக்கு அடியில தள்ளு."

பென்சில் கதவுக்கு அடியில் உருண்டு வந்தது. சவுரிமுத்து அதைக் காலால் மிதித்து நிறுத்தினார். ரத்தினபாய் சிரித்த சிரிப்பில் கீழே பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து மாடியைப் பார்த்தார்.

போட்டோ காய்ந்ததும் வில்பிரட் தலையைத் திருப்பிக்கொண்டே நீட்டினார். ரத்தினபாய் வாங்கிப் பார்த்தாள். நரைத்த காதோரம், கண்ணுக்கடியில் இரண்டு பைகள், கழுத்தில் மடிப்பு, இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம். அழகா, இல்லையா என்று அவளுக்குக் கவலையே வரவில்லை. நாமேதான், இதை வைத்துக்கொண்டு எந்த வாசலிலும் நிற்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் அதே கவுன்டர், அதே அம்மாள். பழைய பாஸ்போர்ட், நகல்கள், ரேஷன் கார்டு, எல்லாம் முன்போலவே கைமாறின. போட்டோவை எடுத்து அவளைப் பார்த்தார், பழைய பக்கத்தைப் பார்த்தார். "இப்ப வந்திருக்கீங்க," என்று சொல்லி ரசீது கிழித்துக் கொடுத்தார். சவுரிமுத்து அன்றைக்கு நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இரண்டு காப்பி குடித்தார், இரண்டையும் கொண்டாட்டம் என்றார்.

பதிவுத் தபால் மே மாதக் கடைசியில் வந்தது. தபால்காரர் கையெழுத்து கேட்டதும் ரத்தினபாய் தன் பெயரைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். உள்ளே புதுப் பாஸ்போர்ட், வாசனையோடு. கூடவே பழையது, அட்டையின் ஓரம் வெட்டப்பட்டு, ரத்து முத்திரை குத்தி. சவுரிமுத்து பழையதை எடுத்துப் புரட்டி, "போய்ட்டு வந்தது போதும்னு இதுக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க," என்றார். ஜெயக்கொடி டீச்சர் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். ஜூலையில் விசாவும் வந்துவிட்டது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வழியனுப்ப வந்தவர்களில் வில்பிரட்டும் இருந்தார். அவர் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரிச் சட்டை போட்டு, ஏதோ அவரே பயணம் போவதுபோல் நின்றார்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு மத்தியானம், தபீதாளுக்கு வலி எடுத்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான், கூட வேலை செய்த பெண்கள் அம்மாவை உள்ளே விட்டுவிட்டார்கள். தபீதாள் கத்தும்போதெல்லாம் ரத்தினபாயின் கையைப் பிசைந்தாள், எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. ரத்தினபாய் கையை எடுக்கவில்லை. வியர்வையைத் துடைத்தாள், ஜெபம் பண்ணினாள், மகளின் காதில் என்னென்னமோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று பிறகு யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

மாப்பிள்ளை தாம்பரத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஜெயக்கொடி டீச்சர் சுவருக்கு மேலாகக் கூப்பிடுவதும், சவுரிமுத்து செருப்பில்லாமல் ஓடி வருவதும் இந்தப் பக்கம் கேட்டது.

"இன்னா கொழந்த? எப்படி கீறா நம்ம பொண்ணு?"

ரத்தினபாய்க்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பெண் குழந்தை, நல்ல எடை, தாயும் பிள்ளையும் சுகம் என்று எல்லாம் வரிசையாக மனசில் வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றுமே வரவில்லை.

"நான் நேர்ல பாத்தேங்க," என்றாள். "இந்தத் தடவை நான் நேர்ல பாத்தேன்."